அறுநூற்றுத் தொண்ணூறு யூனிட்

காலை ஆறே முக்காலுக்கு அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் நாற்பது பேராவது நின்றிருப்பார்கள். அத்தனை பேரும் வெறும் வயிறு. வெறும் வயிற்றில் நிற்கிறவர்களிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. அவர்களை ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார வைத்து, நரம்பு தேடி, ஊசி குத்தி, பஞ்சு வைத்து அனுப்புகிறவர் ஒரு பெண். வயது நாற்பத்து மூன்று. பதினெட்டு வருடமாக இதே வேலை. கூடத்திலும் தெருவிலும் அவருக்கு ஒரே பெயர்தான்: ஊசியக்கா.

"விரலை மடக்குங்க. அந்தப் பக்கம் பாருங்க. முடிஞ்சுது." ஒரு ஆளுக்கு இந்த மூன்று வாக்கியத்துக்கு மேல் அவர் செலவழிப்பதில்லை. ஆனால் ரத்தம் பிடிக்கும் கண்ணாடிக் குழாய் விஷயத்தில் மட்டும் அவசரமே கிடையாது. ஆள் நாற்காலியை விட்டு எழுவதற்குள் பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டியாக வேண்டும். "அப்புறம் ஒட்டிக்கலாம்" என்று சொன்ன, வேலைக்குப் புதிதாக வந்த பெண்ணை ஒரு தடவை எல்லார் முன்னாலும் கேட்டார்: "அப்புறம்னா எப்ப? அவரு ரத்தம் உன் பேர்ல போனதுக்கு அப்புறமா?"

இந்தக் கைப்பழக்கம்தான் அவரை வீட்டில் வம்பில் மாட்டிவிட்டது.

வீடு என்றால் நான்கு குடித்தனம் உள்ள ஒரு மாடிக் கட்டடம். கீழே பின்பக்கம் ஊசியக்கா. கணவர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் ஆறு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். கீழே முன்பக்கம் கேக்கம்மா. வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவர். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகளோடு தனியாக இருக்கிறார். முதல் மாடியில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டரும் அவர் மனைவியும் அவர்களுடைய ஏசியும். மொட்டை மாடி அறையில் இரவு வேலைக்குப் போய்விட்டுப் பகலெல்லாம் தூங்கும் ஒருவன். அவனுக்குப் பெயர் ஷிப்ட். வீட்டுக்காரர் வேறு இடத்தில் இருக்கிறார். வாடகைக்கும் புகாருக்கும் மட்டும் போனில் வருவார்.

நான்கு வீட்டுக்கும் சேர்த்து மெயின் மீட்டர் ஒன்றுதான். பில் வந்தால் நாலாகப் பிரித்துக் கட்டுவது பழைய வழக்கம். பில் வந்த அன்று சண்டையும் வரும். ஊசியக்கா குடிவந்த மூன்றாவது மாதம், ஆளுக்கொரு சப் மீட்டர் வைக்கச் சொல்லி வீட்டுக்காரரை விடாமல் நச்சரித்துச் சாதித்தார். கணக்கையும் அவரே எடுத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. ஆனால் யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவருடைய முறை இதுதான். மெயின் மீட்டரைக் குறிக்கக் கரண்ட் ஆபீஸ் ஆள் வருவது ஒவ்வொரு மாதமும் பன்னிரண்டாம் தேதி. அதே நாள் மாலை நான்கு பேரும் தங்கள் சப் மீட்டரைப் படம் எடுக்க வேண்டும். படத்தை அப்படியே அனுப்பினால் அது என்றைக்கு எடுத்தது என்று தெரியாது. அதனால் போனில் அந்தப் படத்தைத் திறந்து, மேலே தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, வீட்டுக்காரரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். ஷிப்ட் ஒரு மாதம் தூக்கக் கலக்கத்தில் போன மாதப் படத்தையே போட்டு, யூனிட் பூஜ்யம் என்று வந்ததிலிருந்து இந்தச் சட்டம். மாஸ்டர் முதல் மாதம் கடைசியில் இருக்கும் சிவப்பு எண்ணையும் சேர்த்துப் படித்துவிட்டார். சிவப்பு எண் என்பது புள்ளிக்குப் பின்னால் வருவது. யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. அதைச் சேர்த்ததில் நூற்றைம்பது யூனிட் ஆயிரத்து ஐந்நூறு ஆகிவிட்டது. "என்ன மாஸ்டர், மாடியில தியேட்டர் ஓட்டுறீங்களா?" என்று குரூப்பே சிரித்தது.

பிறகு வீட்டுக்காரர் மெயின் பில்லின் ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்புவார். பில் தொகையை மெயின் யூனிட்டால் வகுத்தால் ஒரு யூனிட்டின் விலை. அதை அவரவர் யூனிட்டால் பெருக்கினால் அவரவர் பங்கு. நான்கு சப் மீட்டரையும் கூட்டினால் மெயினை விடக் கொஞ்சம் குறைவாக வரும். அந்த வித்தியாசம் தண்ணீர் மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் போனது. அதற்குப் 'பொது' என்று பெயர். அதை மட்டும் நாலாகப் பிரிப்பார். பொது எப்போதும் முப்பது, முப்பத்திரண்டு யூனிட். ஒன்றரை வருடமாக அதைத் தாண்டியதில்லை.

அந்த மாதம் தாண்டியது.

கேக்கம்மா 212. மாஸ்டர் 168. ஊசியக்கா 74. ஷிப்ட் 61. கூட்டினால் 515. பதினான்காம் தேதி வீட்டுக்காரர் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டில் மெயின் பில் 690. ஊசியக்கா மூன்று தடவை கழித்துப் பார்த்தார். மூன்று தடவையும் 175.

"பொது நூத்தி எழுபத்தஞ்சா? படிக்கட்டுல கிரிக்கெட் மேட்சா நடக்குது?" என்று மாஸ்டர் குரூப்பில் எழுதினார். எழுதியது போதாது என்று கீழேயும் இறங்கி வந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊசியக்காவின் சமையலறை வாசலில் நின்றார்.

"சிஸ்டர், நான் ஒண்ணு சொல்லவா? மூணு வாரம் முன்னாடி முன்வீட்டுக்குப் புது கேக் அடுப்பு வந்துச்சே, கரண்ட் அவன், பீரோ சைஸுக்கு. அதுக்குத் தனியா லைன் இழுத்தாங்களா இல்லையா?"

"இழுத்தாங்க."

"எங்கிருந்து இழுத்தாங்க? சப் மீட்டருக்குப் பின்னாடியா, முன்னாடியா? முன்னாடி இழுத்திருந்தா அந்தக் கரண்ட் அவங்க கணக்குல ஏறாது. மெயின்ல மட்டும் ஏறும். நம்ம நாலு பேர் தலையில விடியும்."

"அவ அப்படிப்பட்ட ஆள் இல்ல மாஸ்டர்."

"அவங்கள சொல்லல. வயர்மேனைச் சொல்றேன். அவனுக்கு எது பக்கமோ அங்க மாட்டிட்டுப் போயிருப்பான். நான் தினமும் பாக்குறேனே, பிரேக்னு சொன்னா கிளட்சை மிதிக்கிற ஆளுங்கள."

சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை. புது அவன் வந்த மாதம்தான் வித்தியாசமும் வந்திருக்கிறது. வழக்கமான 32 போக மிச்சம் 143. ஊசியக்கா போனில் இருந்த கணக்கு அட்டவணையைத் திறந்தார். கேக்கம்மாவின் வரிசையில் 212-க்குப் பக்கத்தில் '+143 (தற்காலிகம்)' என்று போட்டார். பிறகு குரூப்பில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போனார். வெங்காயம் ஒரே அளவில் விழவில்லை.

குரூப்பில் பதில் எழுதியது வீட்டுக்காரர். மறுநாள் காலையே. 'இருபதாம் தேதிக்குள் அந்தக் கேக் அவனை எடுத்துவிட வேண்டும். முடியாவிட்டால் வீட்டைக் காலி செய்யலாம்.' கீழே ஒரு கும்பிடு படமும் போட்டிருந்தார்.

கேக்கம்மாவுக்கு இது மூன்றாவது வீடு. முதல் வீட்டில் வாசனை பிடிக்கவில்லை என்று அனுப்பினார்கள். இரண்டாவதில் எறும்பு வருகிறது என்றார்கள். பழைய சின்ன அவனில் ஒரு நேரத்தில் ஒரு கேக்தான் வேகும். புதியதில் நான்கு. அதை நம்பித்தான் ஒரு அலுவலக கேன்டீனுக்குத் தினசரி கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். அவனுக்கு இன்னும் பதினொரு தவணை பாக்கி. அவன் போனால் கேன்டீன் போகும். கேன்டீன் போனால் வாடகை போகும். அப்புறம் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

அன்று மாலை ஊசியக்கா அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். கேக்கம்மா மாவுக் கையோடு திறந்தார்.

"வாங்கக்கா. திருடி வீட்டுக்கு வந்திருக்கீங்க. கைப்பையை வெளியில வச்சிட்டு வாங்க."

"அப்படியெல்லாம் பேசாதம்மா. தற்காலிகம்னுதான் போட்டேன்."

"என் வீடும் தற்காலிகமாத்தானே இருக்கு."

ஊசியக்காவுக்கு உட்காரத் தோன்றவில்லை. "அந்த அவனை ஆன் பண்ணு. ஒரு விஷயம் பாக்கணும்" என்றார்.

சப் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. கரண்ட் ஓட ஓடச் சிமிட்டும். ஓட்டம் அதிகமானால் சிமிட்டல் வேகமாகும். அவன் அணைந்திருக்கும்போது அது சோம்பலாக, பல நொடிக்கு ஒரு தடவை கண் திறந்து மூடியது. கேக்கம்மா போய் அவனைப் போட்டார். விளக்கு சரசரவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. அணைத்தார், சோம்பல். போட்டார், சரசர. அவன் ஓடுகிற கரண்ட் சப் மீட்டர் வழியாகத்தான் போகிறது. சந்தேகமே இல்லை. ஊசியக்கா அதை வீடியோ எடுத்துக் குரூப்பில் போட்டார்.

மாஸ்டரிடமிருந்து உடனே பதில்: 'சந்தோஷம் சிஸ்டர். ஆனா நேத்து குரூப்ல பேச்சு வந்ததும் வயரை மாத்திட்டாங்கன்னு யாராவது கேட்டா என்ன சொல்வீங்க? நான் கேக்கல. யாராவது கேட்டா.'

யாராவது என்பது வீட்டுக்காரர். 'அந்த நூற்று நாற்பத்து மூன்று எங்கே போனது? அதைச் சொல்லுங்கள்' என்று அவர் எழுதினார். அன்று இரவு ஊசியக்கா இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் மோட்டார் தானாக ஓடுகிறதா என்று காது வைத்துக் கேட்டார். படிக்கட்டு விளக்குகளை எண்ணினார். மூன்று. நேற்றும் மூன்றுதான். லாரியிலிருந்து கணவர் போன் செய்தபோது, "நீ கணக்கு டீச்சரா, இல்ல கரண்ட் ஆபீஸா? விட்டுத் தொலை" என்றார். "விட்டா அவ தெருவுல நிப்பா" என்று ஊசியக்கா போனை வைத்துவிட்டார்.

பதினாறாம் தேதி கூடத்தில் கூட்டம் அதிகம். பத்தரை மணிக்கு ரிப்போர்ட்டுகள் அச்சாகி வந்தன. அடுக்கி வைக்கும்போது ஊசியக்காவின் கை நின்றது. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி. இரண்டு பேருக்கும் சர்க்கரை 104. உப்பு, யூரியா, கொழுப்பு, புள்ளிக்குப் பின்னால் வருகிற எண் வரை எல்லாமே ஒன்று. பரிசோதனை இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. தாத்தாவும் பேத்தியுமா இவங்க?"

"ஒரே மாதிரி வந்திருக்கும்க்கா. வரக்கூடாதா?"

"ஒண்ணு ரெண்டு ஒத்துப்போகும். எல்லாமே ஒத்துப்போனா அது ரெண்டு ஆள் இல்ல. ஒரே ஆளு, ரெண்டு பேரு. ஒரே குழாயை ரெண்டு தரம் ஓட்டிருக்க. திரும்ப ஓட்டு."

அவர் போனார். ஊசியக்கா அங்கேயே நின்றார். தான் சொன்னது தன் காதிலேயே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அறுநூற்றுத் தொண்ணூறு. இந்த எண்ணை எங்கேயோ கேட்டிருக்கிறோம். பார்த்தது கூட இல்லை, கேட்டது. யாரோ கத்தியது.

"அறுநூத்தித் தொண்ணூறா! நான் என்ன திமிங்கிலமா வளக்குறேன்?"

மீன்காரர்! மாஸ்டருக்கு முன்னால் முதல் மாடியில் குடியிருந்தவர். ஒன்பது கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தவர். ஒவ்வொரு தொட்டிக்கும் காற்றடிக்கும் மோட்டார், தண்ணீரைச் சூடாக வைக்கும் கம்பி, நீல விளக்கு. போன வருடம் பில்லைப் பார்த்துவிட்டு மாடிப்படியில் நின்று கத்தினாரே, அந்த எண்.

அடுத்த ஆள் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். "விரலை மடக்குங்க" என்று சொல்லிவிட்டுக் குத்தினார், ஒட்டினார், அனுப்பினார். இன்னும் பதினேழு பேர். மணி பன்னிரண்டு ஆவதற்குள் அவருக்கு உள்ளங்கை வேர்த்து இரண்டு கையுறை மாற்றியாகிவிட்டது. சாப்பாட்டு நேரம் வந்ததும் டப்பாவைத் திறக்காமல் போனைத் திறந்தார். ஒன்றரை வருட ஸ்க்ரீன்ஷாட்டுகளையும் அவர் அழிக்காமல் வைத்திருந்தார். போன வருடம், இதே மாதம், மெயின் பில். இருந்தது. யூனிட்: 690.

கொஞ்சம் கூடக்குறைய இல்லை. அச்சாக அதே.

உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

"சார், நீங்க அனுப்பின பில் முழுசு இல்ல."

"ஏம்மா, முழுசாத்தானே அனுப்பினேன். யூனிட் இருக்கு, தொகை இருக்கு, கடைசி நாள் இருக்கு. வேற என்ன வேணும், என் ஜாதகமா?"

"அது திரையில தெரிஞ்ச வரைக்கும்தான் சார். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா கண்ணுக்குத் தெரியறதுதான் வரும். விரலால மேல தள்ளுங்க. அடியில இன்னும் இருக்கும்."

"தள்ளினா வேற எங்கயோ போகுதே."

"பக்கவாட்டுல தள்ளாதீங்க சார். மேல. மெதுவா. ஆங். இப்ப அதை எடுத்து அனுப்புங்க."

நான்கு நிமிடம் கழித்து வந்தது. முந்தைய அளவு 47626. இப்போதைய அளவு 48316. அதற்குக் கீழே ஒரு வரி: 'அளவு வகை: மதிப்பீடு'. மீட்டரை யாரும் பார்க்கவே இல்லை. போன வருடம் இதே மாதம் எவ்வளவு ஓடியதோ அவ்வளவே இந்த வருடமும் ஓடியிருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். மீன்காரர் தொட்டியோடு வீடு மாறிப் பத்து மாதம் ஆகிறது. கரண்ட் ஆபீஸைப் பொறுத்தவரை மீன்கள் இன்னும் மாடியில் நீந்திக்கொண்டிருந்தன.

அதற்கும் கீழே இன்னொரு வரி இருந்தது. 'காரணம்: கதவு பூட்டு.'

ஊசியக்கா சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

வெளிக் கேட்டுக்குப் பூட்டு வாங்கிப் போட்டவர் அவர்தான். மூன்று வாரம் முன்னால் படிக்கட்டில் கழற்றி வைத்திருந்த ஷிப்டின் புது ஷூவை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாளே ஊசியக்கா கடைக்குப் போய்ப் பெரிய பூட்டாக வாங்கி, நான்கு சாவி வெட்டி, ஆளுக்கு ஒன்று கொடுத்தார். எல்லாரும் கைதட்டாத குறை. கேக்கம்மா அன்று அவருக்கு ஒரு சின்ன கேக் கூடக் கொடுத்தார். நான்கு பேருக்குச் சாவி கொடுத்தவருக்கு, பன்னிரண்டாம் தேதி ஐந்தாவதாக ஒரு ஆள் வருவார் என்பது தோன்றவே இல்லை. அன்று பகலில் தான் கூடத்தில். மாஸ்டர் வண்டியில். அவர் மனைவி கதவைச் சாத்திய ஏசி அறையில். கேக்கம்மா கேன்டீனில். ஷிப்ட் தூக்கத்தில்.

ஐந்து மணிக்கு வீடு வந்ததும் நேராகப் படிக்கட்டுக்குக் கீழே போனார். மெயின் மீட்டர் அங்கேதான் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. முன்னால் இரண்டு ஸ்கூட்டர், ஒரு உடைந்த நாற்காலி. இத்தனை நாளாக யாரும் அதைப் பார்த்ததில்லை. பார்க்கத் தேவைப்பட்டதும் இல்லை. அதுதான் ஸ்க்ரீன்ஷாட்டாகப் போனுக்கே வந்துவிடுகிறதே. ஸ்கூட்டரை நகர்த்தி, முட்டி போட்டு, பெட்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்து, போன் விளக்கை அடித்தார். 48246.

பில்லில் பன்னிரண்டாம் தேதியே 48316. இன்று பதினாறு. நான்கு நாள் கழிந்தும் மீட்டர் பில்லை விட எழுபது குறைவாக நிற்கிறது. மீட்டர் பின்னால் ஓடாது.

மேலே ஷிப்ட் அப்போதுதான் பல் விளக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"தம்பி, பன்னெண்டாந் தேதி பகல்ல யாராவது மணி அடிச்சாங்களா?"

"அடிச்சாங்கக்கா. ரெண்டு தரம். கூரியர்னு நெனச்சுத் தலகாணியை மேல போட்டுக்கிட்டேன். ஏன்க்கா, ஷூ கெடச்சிடுச்சா?"

படிக்கட்டிலேயே உட்கார்ந்து ஊசியக்கா குரூப்பைத் திறந்தார். மெயின் மீட்டர் படம், தேதியும் நேரமும் தெரிய. போன வருடப் பில். இந்த வருடப் பில். மூன்றாவது படத்தைப் போடுவதற்கு முன்னால் விரல் ஓரத்துக்குப் போனது. படத்தின் கீழ்விளிம்பைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினார். 'மதிப்பீடு' வரை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டினார். அந்த ஒரு வரி இல்லாவிட்டாலும் கேக்கம்மா மேல் தப்பில்லை என்பது தெளிவாகத் தெரிகிறது. வேறு யாருக்கு என்ன நஷ்டம்? அனுப்பினார்.

குரூப் அதிர்ந்தது. மாஸ்டர் எழுதினார்: 'போன வருஷத்து மீனுக்கு நாம கரண்ட் கட்டறோமா? ஒரு மீனாவது குழம்புக்குக் குடுத்தாரா அந்த மனுஷன்?' அடுத்து: 'முன்வீட்டு மேடம், மன்னிச்சுக்கோங்க. நான் வயர்மேனைத்தான் சொன்னேன்.' வீட்டுக்காரர் ஒரு கட்டைவிரல் போட்டார். ஊசியக்கா '+143'-ஐ அட்டவணையிலிருந்து அழித்தார். அடுப்பைப் பற்றவைத்தார், அணைத்தார். பாலை எடுத்தார், திரும்ப வைத்தார்.

கதவு தட்டும் சத்தம். கேக்கம்மா போனோடு நின்றார். அவர் முகத்தில் நன்றி இருக்கும் என்று ஊசியக்கா நினைத்திருந்தார். இருந்தது வேறு.

"அக்கா, இது பாதிதானே?"

"எது?"

"இந்தப் பில்லு. மதிப்பீடுக்குக் கீழ பாருங்க. இன்னொரு வரியோட தலை தெரியுது." போனைப் பெரிதாக்கிக் காட்டினார். வெட்டு சரியாக விழவில்லை. அடுத்த வரியின் எழுத்துகளுக்கு உச்சி மட்டும் இருந்தது, கொம்பும் சுழியுமாக, தண்ணீருக்கு மேல் தெரியும் தலைகள் மாதிரி.

"ஒண்ணும் இல்லம்மா, அது…"

"மூணு நாளா அந்த அட்டவணையில என் பேருக்குப் பக்கத்துல இருந்ததை நான் முழுசாப் படிச்சேன்க்கா. இதையும் முழுசாக் காட்டுங்க."

ஊசியக்கா போனை எடுத்து நீட்டினார். கேக்கம்மா படித்தார். திரும்பி வெளிக் கேட்டைப் பார்த்தார். அங்கே பூட்டு பளபளவென்று தொங்கியது. கேக்கம்மாவின் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று ஊசியக்கா ஒரு அடி முன்னால் வைத்தார். அழவில்லை. சிரிப்பு வந்துகொண்டிருந்தது, கோபத்தோடு கலந்து.

"ஷூவுக்குப் போட்ட பூட்டு என் அவனைத் தூக்கப் பாத்துச்சே. அதுக்கு நான் கேக் வேற குடுத்தேன்."

"தப்புதான்மா. பூட்டுனது தப்பு இல்ல. வெட்டுனது தப்பு."

"உங்க பூட்டுன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சா போதாதுக்கா. என்னைக் குரூப்லதானே போட்டீங்க. உங்களையும் குரூப்லயே போடுங்க."

அவர் நகரவில்லை. அங்கேயே நின்று பார்த்தார். ஊசியக்கா வெட்டாத படத்தைப் போட்டார். கீழே எழுதினார்: 'ஆள் வந்த அன்று கேட் பூட்டியிருந்தது. பூட்டு நான் போட்டது. அவருக்கு வழி சொல்ல எனக்குத் தோன்றவில்லை. 143-ஐ முன்வீட்டின் மேல் போட்டதும் நான்தான். இந்த வரியை முதலில் வெட்டிவிட்டுத்தான் அனுப்பினேன்.' கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை அழித்து மூன்றாவது தடவை அப்படியே விட்டார். அம்புக்குறியை அழுத்தும்போது, நரம்பு கிடைக்காத கையில் குத்துகிற மாதிரி இருந்தது.

முதலில் மாஸ்டர்: 'சிஸ்டர், உங்களுக்கு லைசென்ஸ் ரத்து.' அதற்கு அடுத்து ஷிப்ட்: 'மணி சத்தம் கேட்டும் எழுந்திரிக்காதது நான். என்னையும் சேத்துக்கோங்க.' வீட்டுக்காரர் நீளமாக எதையோ எழுத ஆரம்பித்து, எழுதுகிறார் எழுதுகிறார் என்று காட்டி, கடைசியில் ஒரு வரி போட்டார்: 'கேக் அவன் இருக்கட்டும்.'

கேக்கம்மா அதைப் படித்துவிட்டு மாவு பிசையப் போய்விட்டார்.

இதற்கு அடுத்ததைச் செய்ய வேண்டியது வீட்டுக்காரர். ஊசியக்கா அவரை விடவில்லை. இந்த மாதம் கட்டிவிட்டால், அடுத்த மாதம் மீட்டரைச் சரியாகப் பார்க்கும்போது அதிகமாகக் கட்டியது தானாகக் கழிந்துவிடும் என்று கரண்ட் ஆபீஸில் சொன்னார்கள். "அடுத்த மாசம் வரைக்கும் அவ பேர் எல்லார் வாயிலயும் கெடக்கணுமா?" என்று கேட்டு, வீட்டுக்காரரை விட்டு மீட்டரை மறுபடி பார்க்கச் சொல்லி எழுதிக்கொடுக்க வைத்தார். பதினெட்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு ஆள் வருவதாகச் சொன்னார்கள். ஊசியக்கா அரைநாள் லீவு போட்டார். பதினெட்டு வருடத்தில் கரண்டுக்காக லீவு போட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும் என்று கூடத்தில் கேலி செய்தார்கள்.

பத்து மணிக்கே கேட்டைத் திறந்து வைத்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பத்தரைக்குக் கேக்கம்மா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டார். தெருவில் போகிற ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் கரண்ட் ஆபீஸ் அட்டை தெரிகிறதா என்று இருவரும் பார்த்தார்கள்.

வந்தவர் ஒல்லியாக, கையில் சின்ன இயந்திரத்தோடு இருந்தார். கேட்டைப் பார்த்தார். இவர்களைப் பார்த்தார்.

"இன்னிக்கு ரெண்டு பேர் காவலா? அன்னிக்கு ரெண்டு தரம் மணி அடிச்சேன். சீட்டு எழுதிக் கேட்ல செருகிட்டுப் போனேனே."

சீட்டு காற்றில் போயிருக்கும், அல்லது யாராவது விளம்பரம் என்று வீசியிருப்பார்கள். யாரும் விசாரிக்கவில்லை. அவர் குனிந்து பார்த்துச் சொன்னார்: "நாப்பத்தெட்டாயிரத்து இருநூத்தி எம்பத்தொண்ணு." ஊசியக்கா அதே நிமிடத்தில் நான்கு சப் மீட்டருக்கும் ஓடினார். மெயினை ஒரு நாளும் சப் மீட்டரை வேறு நாளும் பார்த்தால் திரும்பப் பொய்க் கணக்குதான் வரும். ஷிப்டைப் படுக்கையிலிருந்து எழுப்பி, மாஸ்டர் மனைவியை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு, எல்லாவற்றையும் கால் மணி நேரத்தில் படம் எடுத்து முடித்தார்.

மெயின் 655. கேக்கம்மா 252, மாஸ்டர் 202, ஊசியக்கா 89, ஷிப்ட் 74. கூட்டினால் 617. பொது 38.

"அவ்வளவுதானா கொறஞ்சுது? நான் பாதியாவும்னு நெனச்சேன்" என்றார் மாஸ்டர் மாலையில்.

"நாள் கூடியிருக்குல்ல மாஸ்டர். இது முப்பத்தாறு நாள் கணக்கு. பில்லு கொறையறதா முக்கியம்? பொதுவைப் பாருங்க. முப்பத்தெட்டு. ஆறு நாளு கூட, ஆறு யூனிட் கூட."

மாஸ்டர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இருபதாம் தேதி வந்து போனது. அவன் அதன் இடத்திலேயே இருந்தது. அன்று காலையும் நான்கு கேக் வெந்தது. நான்கும் கேன்டீனுக்குப் போனது. ஊசியக்காவுக்குத் துண்டு ஏதும் வரவில்லை. அவர் எதிர்பார்க்கவும் இல்லை. வாசனை மட்டும் நடைவழி முழுக்க வந்தது.

இப்போது ஐந்தாவது சாவி எதிர்க் கடைக்காரரிடம் இருக்கிறது. அட்டவணையில் ஒரு புது வரிசை சேர்ந்திருக்கிறது. மெயின் மீட்டர், ஊசியக்காவே முட்டி போட்டு எடுத்த படத்திலிருந்து. பில்லில் வருகிற எண்ணும் அதுவும் ஒத்துப்போன பிறகுதான் கழித்தல் கூட்டல் எல்லாம். 'தற்காலிகம்' என்ற சொல்லை அவர் மறுபடி எழுதவில்லை.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி மாலை முதலில் வந்தது கேக்கம்மாவின் ஸ்க்ரீன்ஷாட். மேலே தேதி, நேரம், பேட்டரி பதினொரு சதவீதம், கீழே போனின் பொத்தான்கள் வரை ஒன்றும் விடாமல். அதோடு ஒரே ஒரு சொல்: 'முழுசு.'

ஊசியக்கா அதைப் பார்த்தார். பிறகு படிக்கட்டுக்குக் கீழே போய், ஸ்கூட்டரை நகர்த்தி, மெயின் மீட்டரைப் படம் எடுத்து, ஓரம் தொடாமல் குரூப்பில் போட்டார். கீழே எழுதினார்: 'முழுசு.'

ஐந்து நிமிடம் கழித்து நடைவழியில் ஒரு தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால் ஆள் இல்லை. தட்டில் கேக் இருந்தது. துண்டு இல்லை, வெட்டாத ஒரு முழு கேக்.